மழைக்கால விளக்குகள்: ஐப்பசி இருப்பு விவரம்

வேதாரண்யம் வட்டார வாடிக்கையாளர்களுக்காக, இந்த ஐப்பசியில் எங்கள் கடையில் இருக்கும் நான்கு வகை விளக்குகளின் விவரம் இது. சார்ஜ் ஏறும் நேரம், எரியும் நேரம் எல்லாம் கடையின் மொட்டைமாடியில் வைத்து நாங்களே பார்த்து எழுதியவை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் நேரத்தைவிட எங்கள் கணக்கு சில இடங்களில் குறைவாக இருக்கும். பெட்டியில் இருப்பது மேகமே இல்லாத வானத்துக்கு உரிய கணக்கு. நமக்கு விளக்கு தேவைப்படுவதோ கார்த்திகை அடைமழையில்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. இரண்டு மணி நேரம் பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும் விளக்கு அந்த மாதிரி நாட்களில் முதல் இரவோடு சரி. மேகத்தினூடே கசிந்து வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, மங்கலாகவேனும் விடியும்வரை எரிவதுதான் உதவும் விளக்கு. அதனால் சோலார் விளக்குகளுக்கு மழைநாள் கணக்கையும் தனியாகக் கொடுத்திருக்கிறோம். வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

அளவுகளைப் பற்றி இரண்டு செய்திகள். வெளிச்சத்தை லூமெனில் பாருங்கள், வாட்டில் பார்க்காதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் தரும். பிள்ளைகள் மேசைக்கு அருகில் வைத்துப் படிக்க 100 லூமென் போதும். சமையலறைக்கு 300 வேண்டும். அடுத்தது பேட்டரி. ‘6000 மில்லி ஆம்பியர்’ என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்குதான். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வரும் வாட்-மணிதான் உள்ளே இருக்கும் மின்சாரத்தின் அளவு. அதே 6000 மில்லி ஆம்பியர் 3.2 வோல்ட் பேட்டரியில் 19.2 வாட்-மணி, 3.7 வோல்ட் பேட்டரியில் 22.2 வாட்-மணி.

சோலார் லாந்தர், 5 வாட் பேனலுடன். விலை ரூ.1,650

பேட்டரி: லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி (19.2 வாட்-மணி).
பேனல்: 5 வாட், 25 செ.மீ. × 19 செ.மீ., அலுமினியச் சட்டம், 5 மீட்டர் வயர்.
வெளிச்சமும் எரியும் நேரமும்: முழு நிலையில் 300 லூமென், ஐந்தரை மணி நேரம். நடு நிலையில் 100 லூமென், 15 மணி நேரம். இரவு நிலையில் 25 லூமென், 55 மணி நேரம்.
சார்ஜ் நேரம்: நல்ல வெயிலில் 6 முதல் 7 மணி நேரம். டைப்-சி சார்ஜரில் 4 மணி நேரம்.
மழைநாள் கணக்கு: பகல் முழுவதும் கருமேகம் மூடியிருந்தால் நல்ல நாளில் ஏறுவதில் கால் பங்கு ஏறும். அதைக் கொண்டு நடு நிலையில் 4 மணி நேரமோ, இரவு நிலையில் 13 மணி நேரமோ எரிக்கலாம்.

எங்களிடம் ஒரே ஒரு விளக்குதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். காரணம், மேலே உள்ள கடைசி வரி. சூரியனே தென்படாத நாளில் ஏறும் சார்ஜும் அன்றிரவு முழுவதும் 25 லூமெனில் எரியப் போதும். மறுநாளும் அதே வானம் என்றாலும் அதே அளவு மீண்டும் ஏறும். மழை பத்து நாள் நின்று பெய்தாலும் வீடு ஒரேயடியாக இருண்டுவிடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், இரவில் எழுந்து நடக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இது பெரிய தைரியம்.

இந்த வகை பேட்டரி மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும். முறையாகப் பயன்படுத்தினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை சார்ஜ் ஏற்றலாம். ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில் மாடத்தில் வைத்திருந்தாலும் உப்பிப் போகாது என்ற நம்பிக்கையில்தான் விலை சற்றுக் கூடினாலும் இதைத் தருவிக்கிறோம்.

பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மார்கழியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்பதில்லை, நன்றாகத் தெற்கே தள்ளியிருக்கும். அந்த மாதங்களில் பேனலை 30 பாகை அளவுக்கு நிமிர்த்தினால் சார்ஜ் கூடுதலாக ஏறும், மழைத்தண்ணீரும் தேங்காது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பாதிகூடத் தேறாது. முக்கியமாகத் தென்னை நிழலைப் பாருங்கள். பேனலில் இருக்கும் சில்லுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்தவை. ஒரே ஒரு கீற்றின் நிழல் ஒரு சில்லின்மேல் விழுந்தாலும் பேனல் முழுவதின் மின்சாரமும் சடாரென்று இறங்கிவிடும். ‘வெயிலில்தானே வைத்தேன், சார்ஜ் ஏறவில்லையே’ என்று விளக்கைத் திருப்பிக் கொண்டுவருபவர்களில் பலருக்கும் வீட்டு முற்றத்துத் தென்னைதான் காரணமாக இருக்கிறது.

இதில் போன் சார்ஜ் செய்யும் துளையும் உண்டு. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இன்றைய 5000 மில்லி ஆம்பியர் போன் ஒன்று ஏறத்தாழ 19 வாட்-மணி கொள்ளும். அதாவது லாந்தரின் மொத்த இருப்பையும் அது குடித்துவிடும், அப்போதும் முழுதாக நிரம்பாது. அவசரத்துக்கு நான்கு வார்த்தை பேசும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டு விளக்கு செட், மூன்று பல்பு, 20 வாட் பேனலுடன். விலை ரூ.5,400

பேட்டரி: அதே வகை, 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி (76.8 வாட்-மணி).
பேனல்: 20 வாட், 47 செ.மீ. × 35 செ.மீ.
பல்பு: 3 வாட் வீதம் மூன்று, ஒவ்வொன்றும் 300 லூமென், ஒவ்வொன்றுக்கும் 5 மீட்டர் வயரும் தனி சுவிட்சும்.
எரியும் நேரம்: மூன்றும் சேர்ந்து ஏழரை மணி நேரம். ஒன்று மட்டும் என்றால் 22 மணி நேரம்.
சார்ஜ் நேரம்: நல்ல வெயிலில் 6 மணி நேரம்.
மழைநாள் கணக்கு: ஒரு பல்பு 5 மணி நேரம்.

கூடம், சமையலறை, வாசல் என்று மூன்று இடத்துக்குச் சரியாக இருக்கும். மழைநாள் கணக்கு போதவில்லை என்று தோன்றினால் பெரிய பேட்டரி கேட்காதீர்கள், பெரிய பேனல் கேளுங்கள். சார்ஜ் ஏற்ற வழியில்லாத பெரிய பேட்டரி மழையில் வெறுமனே காலியாகக் கிடக்கும். பேனல் இரண்டு மடங்கானால் அதே கருமேகத்திலிருந்து இரண்டு மடங்கு மின்சாரம் வரும். இந்த செட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி 40 வாட் வரை தாங்கும். ரூ.1,100 கூடுதலாகக் கொடுத்தால் 67 செ.மீ. × 43 செ.மீ. அளவுள்ள 40 வாட் பேனலுடன் தருகிறோம். அப்போது மழைநாளிலும் ஒரு பல்பு 10 மணி நேரம் எரியும். எங்களைக் கேட்டால், கடலோர ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்தக் கூடுதல் தொகையைச் செலவழிப்பதே நல்லது என்போம்.

எமர்ஜென்சி லைட், மின்சாரத்தில் சார்ஜ் ஆவது. விலை ரூ.780

பேட்டரி: லித்தியம் அயான், 3.7 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி (16.3 வாட்-மணி).
வெளிச்சமும் எரியும் நேரமும்: 450 லூமெனில் 3 மணி நேரம், 180 லூமெனில் 8 மணி நேரம்.
சார்ஜ் நேரம்: 6 மணி நேரம். நிறைந்ததும் தானாக நின்றுவிடும்.
பேனல்: கிடையாது.

சுவர் பிளக்கில் மாட்டியே வைத்திருந்தால் மின்சாரம் போன நொடியில் தானாக எரியும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தத்துக்கும், மாலைநேர மின்தடைக்கும் இது போதுமானது. கடைகளுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் ஏற்றது. புயலுக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் இரண்டாம் நாளும் வராவிட்டால் சார்ஜ் ஏற்ற வேறு வழியில்லை.

பேட்டரி உள்ள பல்பு, 9 வாட். விலை ரூ.290

மின்சாரத்தில் 900 லூமென், மின்தடையின்போது 300 லூமெனில் இரண்டரை மணி நேரம். சார்ஜ் ஏற 8 மணி நேரம். சாதாரண ஹோல்டரில் பொருந்தும். சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருந்தால்தான் மின்சாரம் போகும்போது எரியும், சார்ஜும் ஏறும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்ட வேண்டாம், சூட்டில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும்.

உப்புக் காற்றுக்கும் புயலுக்கும்

கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் போன்ற கரையோர ஊர்களிலும் உப்பளங்களை ஒட்டிய வீடுகளிலும் பேனல்மேல் உப்புப் படியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம். வயர் இணையும் இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவினால் பச்சை பூக்காது. பேனல் பொருத்த எவர்சில்வர் திருகுகளையே தருகிறோம். இரும்புத் திருகு இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே எல்லா விளக்குகளையும் மின்சாரத்திலோ வெயிலிலோ முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, பேனலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு திருகுதான், ஸ்பானர் பெட்டியிலேயே இருக்கிறது. காற்று அடங்கியதும் மாட்டிக்கொள்ளலாம். பறந்துபோன பேனலுக்கு மாற்று வாங்க அந்த வாரத்தில் கடையும் திறந்திருக்காது, பாதையும் திறந்திருக்காது.

கோடையில் பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதானால் விளக்கைக் காலியாக வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

லாந்தருக்கும் வீட்டு செட்டுக்கும் ஓர் ஆண்டு, அவற்றின் பேனல்களுக்கு ஐந்து ஆண்டு, எமர்ஜென்சி லைட்டுக்கும் பல்புக்கும் ஆறு மாதம் உத்தரவாதம். உடைந்தவற்றுக்கும் தண்ணீருக்குள் மூழ்கியவற்றுக்கும் இது பொருந்தாது. லாந்தர், செட் இரண்டுக்கும் மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்கும். லாந்தர் பேட்டரி ரூ.520, செட் பேட்டரி ரூ.2,100. வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டுக் காட்டுகிறோம், முழு நிலை, இரவு நிலை இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் உள்ளவர்களுக்கு பஸ் பார்சலில் அனுப்புகிறோம், கட்டணம் தனி. பழுதான பேட்டரிகளைக் குப்பையில் போடாமல், எந்தக் கடையில் வாங்கியதானாலும் எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள். மறுசுழற்சிக்கு அனுப்பிவைக்கிறோம்.