நான் கேட்கவே இல்லை

(1972. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் லயத்துக் காம்பரா. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்டபடி குடும்பத்துக்கு இந்திய பாஸ்போர்ட் வந்துவிட்டது, மூத்தவள் பார்வதிக்கு மட்டும் வரவில்லை. அம்மா மூட்டை கட்டுகிறாள். பார்வதி தன் துணிகளை அதிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறாள்.)

அம்மா: ஏண்டி பிரிக்கிற? உன் பாஸ்போர்ட்டும் இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும்.

பார்வதி: (தாளமில்லாமல்)
வராதும்மா.
அப்பா தந்த ஃபாரம்
கண்டிக்குப் போகலை.
வேறொரு ஃபாரத்தில்
கொழும்புக்கு எழுதினேன்,
"இலங்கைப் பிரஜை ஆக்குங்க"ன்னு.
இந்தியாவை நான் கேட்கவே இல்லை.

(தபேலா தொடங்குகிறது)

போயிட்டு வாங்கம்மா, நான் வரலை
பொறந்த மலையை நான் விடலை
ரெண்டு வருசம் மறைச்சு வச்சேன்
ராத்திரி ஒண்ணும் தூங்கலை

அஞ்சேகால் லட்சம் அக்கரைக்கு
மூணு லட்சம் இக்கரைக்கு
டில்லியில் உட்கார்ந்து பிரிச்சாங்க
கொழுந்து நிறுக்கிற தராசிலே
நம்மையும் வச்சு நிறுத்தாங்க
யாரும்மா நம்மைக் கேட்டாங்க?

அம்மா: (கையைப் பிடித்து) யாருடி அவன்? எந்த லயம்?

பார்வதி:
பையன் யாரும் இல்லையம்மா
பழியைப் போடாமல் கேளும்மா
அப்பாயி நட்ட தேயிலை
அம்மா நீ கிள்ளிய தேயிலை
படங்கைக் கட்டி, கூடை மாட்டி
பதினாலு வயசில் நானும் வந்தேன்
பிரட்டுக்கு அழைக்கிற தப்பு முழங்காமல்
பொழுதே எனக்கு விடிஞ்சதில்லை

திருச்சிப் பக்கம் ஊர் என்பீங்க
தெருவின் பேரைக் கேட்டால் தெரியாது
நீங்களே பார்க்காத ஊரை, அம்மா
நம்ம ஊர்ன்னு நான் எப்படிச் சொல்ல?

(தாளம் நிற்கிறது. அம்மா மூட்டை மேல் உட்கார்ந்துவிடுகிறாள்.)

அம்மா: தனியா இருந்து என்னடி பண்ணுவ? இந்தக் காம்பராவைக் கூட விடுவாங்களா?

பார்வதி: (மெதுவாக)
பயமா இருக்கு, பொய் இல்லை
பிரஜா உரிமை இன்னும் கைக்கு வரலை
வராமல் போனாலும் போகலாம்
வந்த பின்னும் விரட்டலாம்
தம்பியின் தலையைச் சீவிவிட
நாளைக்கு எனக்குக் கொடுப்பினை இல்லை
உனக்குக் காய்ச்சல் கண்டால் கூட
கடிதாசி வந்தால்தான் தெரியும்

(குரல் உயர்கிறது, தாளம் திரும்புகிறது)

ஆனாலும் கேட்பேன், அம்மா, கேட்பேன்
நாற்பத்தொன்பதில் சட்டம் போட்டு
அப்பாவின் வோட்டைப் பறிச்சாங்களே
அந்த உரிமையைத் திருப்பிக் கேட்பேன்
எல்லாரும் கோச்சி ஏறிப் போனால்
யாரும்மா இங்கே நின்று கேட்க?

தம்பி அங்கே படிக்கட்டும்
அப்பாவின் இருமல் ஆறட்டும்
தலைமன்னார் வரைக்கும் கூட வருவேன்
கப்பலில் மட்டும் ஏற மாட்டேன்

அம்மா: (நீண்ட அமைதிக்குப் பின்) அப்பாகிட்ட யாரு சொல்றது?

பார்வதி: நான்தான் சொல்லணும். நீ பக்கத்தில் நில்லு, போதும்.

(அப்பா உள்ளே வருகிறார். அம்மா எழுந்து மகளின் பக்கத்தில் நிற்கிறாள்.)

பார்வதி:
அப்பா, உட்காருங்க. ஒரு விஷயம்.