மாற்ற ஆணைப் பதிவேடு: கல்யாண மண்டபக் கட்டுமானம், கும்பகோணம்

நிலவரம்: 14.07.2025
மூல ஒப்பந்தத் தொகை: ரூ.1,84,00,000 (ஜி.எஸ்.டி. நீங்கலாக)
காலம்: 03.02.2025 முதல் 270 நாள், முடிவு 30.10.2025

தொகை, நாள் இரண்டையும் குறிப்பிட்டு உரிமையாளர் அனுப்பும் மின்னஞ்சல் மட்டுமே இங்கே ஒப்புதல்.

மா-1. அஸ்திவாரம். தோண்டியபோது பழைய குளத்தைத் தூர்த்த மண் வந்தது. ஆழம் 1.5 மீட்டரிலிருந்து 2.1 மீட்டர். கூடுதல் ரூ.3,42,000, 9 நாள். உரிமையாளரின் முதல் பதிலில் "சரி, செய்யுங்கள்" என்று மட்டுமே இருந்தது. தொகையை எழுதித் திரும்பக் கேட்டோம். முழு ஒப்புதல் 27.02.2025 மாலை 4.10-க்கு வந்தது.
மொத்தம்: ரூ.3,42,000, 9 நாள்.

மா-2. சாப்பாட்டுக் கூடத்தில் கிரானைட்டுக்குப் பதில் டைல்ஸ். குறைவு ரூ.1,15,000. ஒப்புதல் 09.04.2025.
மொத்தம்: ரூ.2,27,000, 9 நாள்.

மா-3. தண்ணீர்த் தொட்டி 12,000 லிட்டரிலிருந்து 20,000 லிட்டர். கூடுதல் ரூ.1,86,000. ஒப்பந்ததாரர் 6 நாள் கேட்டார். தொட்டி வேலை தூண் வேலையோடு சேர்ந்தே நடந்தது. எதற்காகவும் எந்த வேலையும் காத்திருக்கவில்லை. அதனால் நாள் இல்லை. அவரும் 12.05.2025 மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டார். உரிமையாளர் ஒப்புதல் மறுநாள்.
மொத்தம்: ரூ.4,13,000, 9 நாள்.

மா-4. முதியவர்களுக்காக லிஃப்ட். குழி, சுவர், தளத்தில் திறப்பு ஆகியவற்றுக்கு ரூ.6,75,000, இயந்திரத்தை உரிமையாளரே வாங்குகிறார். திறப்பின் வரைபடம் வரும்வரை முதல் தளக் கான்கிரீட்டை நிறுத்த வேண்டியிருந்தது; 14 நாள். ஒப்புதல் 20.06.2025.
மொத்தம்: ரூ.10,88,000; 23 நாள்.

மா-5. ஒப்புதல் இல்லை. 08.07.2025 அன்று உரிமையாளர் தளத்துக்கு வந்து, சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் மேடையை இடம் மாற்றச் சொன்னார். கொத்தனார் அன்றே சுவரை இடித்துவிட்டார். ஒப்பந்ததாரர் கேட்பது ரூ.58,000, 3 நாள். வேலை நிறுத்தப்பட்டுள்ளது. மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை.

இன்றைய நிலை: ஒப்பந்தத் தொகை ரூ.1,94,88,000 (மூலத் தொகையில் 5.91% கூடுதல்). முடிவு நாள் 22.11.2025. மா-5 ஏற்கப்பட்டால் ரூ.1,95,46,000 (6.23%), 25.11.2025.

உரிமையாளரின் கவனத்துக்கு: பணத்தைவிட இந்த 23 நாள்தான் கவலை தருகிறது. அக்டோபரில் முடிய வேண்டிய வெளிப்பூச்சும் பெயின்டும் இப்போது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் விழுகின்றன. ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது. வெளிப்பூச்சை முன்னதாகத் தொடங்கும் மாற்று அட்டவணையை ஒப்பந்ததாரரிடம் கேட்டிருக்கிறோம். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்குவதாக இருந்தால், 22.11.2025-க்கு முந்தைய தேதி எதையும் ஏற்க வேண்டாம். மா-5 முடிவாகும்வரை 25-ஐயே கணக்கில் வையுங்கள்.

மா-5 குறித்த பதில் 18.07.2025 மாலை 5 மணிக்குள் தேவை. வராவிட்டால் இடித்த சுவர் பழையபடி கட்டப்படும். அந்தச் செலவு தனி எண்ணில் பதிவாகும்.

– திட்டப் பொறியாளர்