ஜோசப் தம்பியை அனுப்பிவைக்கிறோம்

மேலாளர் அவர்களுக்கும், கிளைத் தோழர்களுக்கும், ஜோசப்போடு வந்திருக்கும் அவருடைய துணைவியாருக்கும் வணக்கம்.

வழியனுப்புவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் புறப்படுகிறவன் கணவன், ஊரில் இருப்பவள் மனைவி என்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஜோசப் வீட்டில் மாற்றல் வந்தது மனைவிக்கு. அவருடைய மென்பொருள் நிறுவனம் அவரை நெதர்லாந்துக்கு அனுப்புகிறது. தம்பி ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு உடன் போகிறார்.

"பேங்க் வேலையை யாராவது விடுவார்களா?" என்று தங்கச்சிமடம் கடைத்தெருவே கேட்டு ஓய்ந்தது. "அவளுக்கு மாற்றல், அதனால் போகிறோம்" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மாற்றல் வந்தபோது என் மனைவி நன்றாக நடந்துகொண்டிருந்த தையல் கடையை மூடிவிட்டு வந்தார். அவரிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றால் நம் நகைக்கடன் கவுன்டரில் வரிசை நீளும். தோடு வரும், சங்கிலி வரும், சில வேளை தாலிக்கொடியே வரும். அந்த நேரத்தில் ஜோசப்பைப் பார்க்க வேண்டும். தராசின் எண் தெரியும் பக்கத்தை அந்த அம்மாவின் பக்கம் திருப்பிவைத்து, எடையை வாய்விட்டு வாசிப்பார். கல்லுக்குக் கழித்தது எவ்வளவு, கைக்குக் கிடைப்பது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்வார். "நீ சொன்னால் சரிதான் ராசா" என்று ஒரு பாட்டி கைநாட்டு வைக்கப் போனபோது, "அப்படி வேண்டாம் ஆத்தா, நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்" என்று மை டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். தவணைத் தேதியைக்கூட வெறும் எண்ணாகச் சொல்ல மாட்டார். "ஓரியூர் திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடுங்கள்" என்பார். அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் வந்தார்கள்.

அவர் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. தணிக்கைக்கு வந்தவர்களே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.

தம்பி, அங்கே கொஞ்ச நாள் வேலை இல்லாமல் இருக்க நேரலாம். "என்ன செய்கிறாய்?" என்று போனில் கேட்பவர்களுக்குக் கூசாமல் பதில் சொல்லுங்கள். டச்சு மொழி வகுப்புக்குப் போய்விடுங்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று புரியாமல் விழிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் கடிகாரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். கணக்குப் பார்த்துக் கூப்பிடுங்கள், மாலையில் கணக்கு முடிக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

அம்மா உருக்கித் தந்த நெய்யைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஐரோப்பாவில் பால் பொருளை விடமாட்டார்கள். மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. பாம்பனில் வாங்கிய நெத்திலிக் கருவாடு உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிறது. மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறோம், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.