முன்பிணை மனு

இராமநாதபுரம் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம்

(பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 482-இன் கீழ்)

மனுதாரர்: செ. முருகேசன், வயது 46, கடல் உணவு வியாபாரி, மண்டபம்.

எதிர்மனுதாரர்: காவல் ஆய்வாளர், மாவட்டக் குற்றப்பிரிவு, இராமநாதபுரம் (குற்ற எண் 41/2025).

மனுதாரர் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது:

1. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4)-இன் கீழ் மனுதாரர் மீது மோசடி வழக்குப் பதிவாகியுள்ளது. போலீசார் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சென்றதால் கைதாகக்கூடும் என்று அஞ்சுகிறார்.

2. தூத்துக்குடியைச் சேர்ந்த ஏற்றுமதியாளரான புகார்தாரருக்கு 6 டன் கணவாய், கிலோ 300 ரூபாய் வீதம், 14.4.2025-க்குள் தருவதாக 20.1.2025 அன்று ஒப்பந்தம். முன்பணம் 18 லட்சமும் வங்கி வழியாகவே வந்தது. மனுதாரர் அதிலிருந்து பாம்பன், மண்டபம் படகுக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன. ஆனால் வாடைக்காற்று ஓயவில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே தொழிலுக்குப் போகும் விசைப்படகுகள் அந்த நாட்களிலும் பல தடவை கரையில் நின்றன. போனவையும் மீன்பாடு இல்லாமல் திரும்பின. படகுகள் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன்களின் பதிவைப் பார்த்தாலே இது தெரியும்.

3. அப்படியும் மனுதாரர் 2,500 கிலோ அனுப்பினார். அதன் மதிப்பு 7.5 லட்சம். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. "தடை முடிந்ததும் மீதிச் சரக்கை அனுப்புங்கள்" என்று புகார்தாரரே வாட்ஸ்அப்பில் எழுதினார். மே மாதம் மனுதாரர் 3 லட்சத்தைத் திருப்பியும் கொடுத்தார். ஜூனில் சரக்கு தரத் தயாரானபோது புகார்தாரர் அதை ஏற்காமல், வட்டியோடு பணம் கேட்டார். பாக்கி 7.5 லட்சம் என்பதை மனுதாரர் மறுக்கவில்லை.

4. ஏமாற்ற நினைத்தவர் சரக்கு அனுப்புவாரா, பணம் திருப்புவாரா? வாக்குக் கொடுத்தபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. பின்னால் நிறைவேற்ற முடியாமல் போனது மட்டும் குற்றமாகாது என்று ஹ்ருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இது உரிமையியல் நீதிமன்றத்தில் தீர வேண்டிய கணக்கு. கைது என்பது பாக்கி வசூலிக்கும் வழியல்ல.

5. இக்குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள். அர்னேஷ் குமார் தீர்ப்பின்படி (2014) கைதுக்குத் தக்க காரணம் வேண்டும். இல்லையெனில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-இன்படி அறிவிப்பு அனுப்பி விசாரிக்கலாம். அப்படி எதுவும் மனுதாரருக்கு வரவில்லை. ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, லாரி பில் எல்லாம் காகிதச் சான்றுகள். அவற்றின் நகல்களைத் தர மனுதாரர் தயார். காவலில் வைத்துக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

6. மனுதாரருக்கு முன் வழக்குகள் இல்லை. குடும்பமும் ஐஸ் கம்பெனியும் மண்டபத்திலேயே உள்ளன, தலைமறைவாக மாட்டார். சாட்சிகளைக் கலைக்க மாட்டார். இதே கோரிக்கையுடன் வேறு எந்த நீதிமன்றத்திலும் மனு நிலுவையில் இல்லை.

ஆகவே, மேற்படி வழக்கில் மனுதாரர் கைது செய்யப்பட்டால், நீதிமன்றம் சரியெனக் கருதும் நிபந்தனைகளோடு அவரைப் பிணையில் விடுவிக்க உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டப்படுகிறது.

இராமநாதபுரம்
21.7.2025

மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்