இன்னும் ஒரு மணி நேரம்

சுங்கை சிப்புட், டிசம்பர் 31, இரவு 11 மணி ஆராதனை

பல்லவி

இன்னும் ஒரு மணி நேரம், இயேசு ராஜா,
எங்களோடு தங்கும் ஐயா – இந்த
ஆண்டின் கடைசிப் படியில் நிற்கிறோம்,
அணைத்துக்கொள்ளும் ஐயா

சரணம் 1

பால்மரம் வெட்டப் போன இருளில்
பாம்புக்கும் தப்பவைத்தீர்
மழையால் வேலை நின்ற நாளும்
மறக்காமல் சோறு வைத்தீர்

சரணம் 2

ஒற்றைச் சுவர்தான் நடுவில், லயத்தில்
அண்ணன் வீடு அடுத்த வீடு
ஓராண்டாகப் பேச்சே இல்லை,
ஒரு வாசல், தனித்தனிக் கோடு
இரவெல்லாம் அவர் இருமல் கேட்டும்
எழவில்லை நான், ஐயா
சுடுதண்ணீர்கூடக் கொடுக்கவில்லை,
மன்னியும், மன்னியும் ஐயா

சரணம் 3

கோலாலம்பூர் போன பிள்ளைகள்
கூடிவர வழி செய்யும்
மணி பன்னிரண்டு அடிக்குமுன்னே
மனதில் தைரியம் பெய்யும்
அண்ணன் கதவைத் தட்டப் போகிறேன்,
கூடவே வாரும் ஐயா