தொல்லை நடந்தால் யாரிடம் சொல்வது? நம் பள்ளியின் விதிகள், மாணவர்களுக்காக

இப்போதே உனக்கு ஏதாவது நடந்துகொண்டிருக்கிறது என்றால் இதை முழுவதும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். பள்ளி நேரம் என்றால் நூலகத்துக்குப் பக்கத்து அறைக்குப் போ. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பொறுப்பு ஆசிரியர்கள் நான்கு பேரில் ஒருவர் அங்கே இருப்பார். பள்ளி விட்ட பிறகு அல்லது விடுமுறை நாள் என்றால் 1098-க்குப் போன் செய். அது குழந்தைகளுக்கான உதவி எண். காசு கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள். யாராவது உன்னை அடிக்க வருகிறார்கள், உயிருக்கே ஆபத்து என்றால் 112.

மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இந்த விதி யாருக்கு?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் எல்லாருக்கும். வகுப்பறை, மைதானம், கழிப்பறை, சத்துணவுக் கூடம் மட்டுமல்ல. டவுன் பஸ், பஸ் ஸ்டாப், டியூஷன் போகும் வழி, வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் இதில் சேரும். "வெளியில் நடந்ததற்குப் பள்ளி பொறுப்பல்ல" என்று உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அனுப்பினால் அதுவே விதிமீறல்.

முன்பு இது அலுவலக பீரோவில் ஒரு கோப்பாக இருந்தது. ஆசிரியர்களே அதைத் திறந்ததில்லை. இப்போது நீ படிப்பது மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து புதிதாக எழுதியது. ஆறாம் வகுப்பில் வாசிக்கக் கொடுத்து, அவர்களுக்குப் புரியாத வரிகளையெல்லாம் மாற்றியிருக்கிறோம்.

எது தொல்லை?

நண்பர்கள் ஒருவரையொருவர் கலாய்ப்பது எல்லா வகுப்பிலும் உண்டு. நீ "போதும்டா" என்றதும் அவன் நிறுத்திவிட்டால், நாளைக்கு உன்னாலும் பயமில்லாமல் அவனைக் கலாய்க்க முடிந்தால், அது விளையாட்டு. நீ வேண்டாம் என்ற பிறகும் தொடர்ந்தால், அல்லது வேண்டாம் என்று சொல்லவே உனக்குப் பயமாக இருந்தால், அது தொல்லை. "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்ற பதிலை இந்தப் பள்ளியில் ஏற்க மாட்டோம்.

அடிப்பது, தள்ளுவது, காசையோ பேனாவையோ பிடுங்குவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. ஆனால் மாணவர்கள் எங்களிடம் அதிகம் சொன்னவை வேறு. நிறத்தையும் உடம்பையும் வைத்துப் பட்டப்பெயர். திக்கிப் பேசுகிறவரைப் போலப் பேசிக் காட்டுவது. அப்பாவின் வேலையைச் சொல்லிச் சிரிப்பது. ஒரு பையன் மென்மையாக நடக்கிறான், பேசுகிறான் என்பதற்காக அவன் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே கூட்டமாகப் போவது. "அவகூட யாரும் பேசக்கூடாது" என்று வகுப்பையே மிரட்டி ஒருத்தியைத் தனியாக்குவது. இந்தக் கடைசி வகையில் காயம் எதுவும் வெளியில் தெரியாது. அதனால்தான் அதைச் சொல்ல வருகிறவர்கள் "இதெல்லாம் ஒரு கம்ப்ளைன்டா" என்று தயங்குகிறார்கள். ஆமாம், இது கம்ப்ளைன்ட்தான். வா.

சாதியைப் பற்றி

பஸ்ஸில் புதிதாக வந்த பிள்ளையிடம் "எந்தத் தெரு?", "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பது, சாதிப் பெயரைச் சொல்லியோ ஜாடையாகவோ பேசுவது, தண்ணீர் பாட்டிலைத் தொடவிடாமல் இருப்பது, சாதிப் பாட்டை ஸ்டேட்டஸாக வைத்து ஒருவரைச் சீண்டுவது, ஒருவரை மட்டும் பையைத் தூக்கவும் கடைக்குப் போய்வரவும் ஏவுவது எல்லாமே தொல்லைதான். இதற்கு முதல் முறை மன்னிப்பு, இரண்டாம் முறை எச்சரிக்கை என்ற கணக்கு கிடையாது. முதல் முறையே தலைமை ஆசிரியருக்குப் போகும். பட்டியலினத்தையோ பழங்குடியினத்தையோ சேர்ந்த மாணவருக்கு இது நடந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். அதைப் பெற்றோரிடம் சொல்வதும் எங்கள் வேலை.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் தனக்கு நடந்த சாதித் தொல்லையை அவர் சொன்ன பிறகு நடந்தது அது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நம் பள்ளியிலும் அதுதான் விதி.

உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வெளியில் சொல்பவருக்கு ஆபத்து வரலாம் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் பாதுகாப்பைப் புகாரோடு சேர்த்தே பார்க்கிறோம் என்று சொல்லத்தான். சொன்னதற்காக மிரட்டல் வரும் என்று உனக்குத் தோன்றினால் முதல் வார்த்தையாக அதைச் சொல். பஸ் ஏறும் வரை ஆசிரியர் ஒருவர் கூட வருவார். பெற்றோரை அன்றே வரவழைப்போம். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கு நாங்களே போவோம், உன்னை அனுப்ப மாட்டோம்.

எப்படிச் சொல்வது?

நூலகத்துக்குப் பக்கத்து அறைதான் முதல் இடம். பொறுப்பு ஆசிரியர்களில் இரண்டு பேர் பெண்கள், இரண்டு பேர் ஆண்கள். யாரிடம் பேச வேண்டும் என்பது உன் விருப்பம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நண்பரைக் கூட்டிக்கொண்டு போ. அந்த அறைக்குள் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமா? அதற்காகத்தான் நூலகத்துக்குள்ளிருந்தும் ஒரு கதவு வைத்திருக்கிறோம்.

உனக்குப் பிடித்த எந்த ஆசிரியரிடமும் சொல்லலாம். பி.டி. சாரிடம், சத்துணவு அக்காவிடம், வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னாலும் அது புகார்தான். கேட்டவர் அன்றைக்கே பொறுப்பு ஆசிரியரிடம் சேர்த்துவிட வேண்டும்.

பேச முடியவில்லை என்றால் "மாணவர் மனசு" பெட்டியில் எழுதிப் போடு. தண்ணீர்த் தொட்டிக்கு அருகே எல்லார் கண்ணிலும் படும்படி இருந்த பெட்டியை மாடிப்படிக்குக் கீழே மாற்றியிருக்கிறோம். வேலை நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திறப்பார்கள். உன் பெயர் வேண்டாம். ஆனால் என்ன நடந்தது, எங்கே, எந்த நேரத்தில், யார் செய்தது என்று எழுதினால்தான் எங்களால் அந்த இடத்தில் போய் நிற்க முடியும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படாதே. பேசுகிற மாதிரியே எழுது.

உனக்காக உன் அம்மாவோ அண்ணனோ நண்பரோ சொல்லலாம்.

போனில் நடந்தால்

கோபத்தில் எதையும் அழித்துவிடாதே. ஸ்கிரீன்ஷாட் எடு. அனுப்பியவரின் ஐடியும் தேதியும் அதில் தெரியட்டும். அதன் பிறகு பிளாக் செய். பதிலுக்குத் திட்டி எழுதாதே.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆடையில்லாத படமோ அந்தரங்கமான வீடியோவோ என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே, சாட்சிக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதே, ஆசிரியருக்கும் அனுப்பாதே. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் சட்டப்படி குற்றம். போனை எடுத்துக்கொண்டு நேரில் வந்து நடந்ததைச் சொல். படத்தில் இருப்பது நீயே என்றாலும் வா. ஏன் எடுத்தாய், ஏன் அனுப்பினாய் என்று உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய உன் பெற்றோரோடு நாங்களும் உட்காருவோம்.

சொன்ன பிறகு என்ன நடக்கும்?

அன்றே ஒரு ஆசிரியர் உன்னிடம் தனியாகப் பேசுவார். நீ சொல்வதை எழுதி, உனக்கே வாசித்துக் காட்டுவார். அடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள் மற்றவர்களிடம் தனித்தனியாக விசாரிப்போம். ஐந்தாவது வேலை நாளுக்குள் என்ன முடிவு எடுத்தோம் என்று உனக்குச் சொல்வோம். ஒரு மாதம் கழித்து, நீ வராவிட்டாலும், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று நாங்களே கேட்போம்.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் செய்ய மாட்டோம். இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து "சரி, கை கொடுத்துக்கோங்க" என்று முடிக்க மாட்டோம். பிரேயரில் உன் பெயரைச் சொல்ல மாட்டோம். பாடம் நடக்கும்போது ஆள் அனுப்பி உன்னை எழுப்பிக் கூப்பிட மாட்டோம். "நீ என்ன பண்ணினே, அவன் ஏன் உன்னை மட்டும்?" என்று ஆரம்பிக்க மாட்டோம். இடமோ பிரிவோ மாற்ற வேண்டியிருந்தால் தொல்லை கொடுத்தவரைத்தான் மாற்றுவோம், நீயே கேட்டால் தவிர.

"யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்" என்று நீ கேட்டால் முடிந்தவரை காப்போம். ஆனால் யாராவது உன்னைத் தவறாகத் தொட்டிருந்தால், அல்லது பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுத்திருந்தால், அது தெரியவந்தவர் காவல்துறையில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும் மறைக்க முடியாது. அப்போதும் யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதை முதலில் உன்னிடம்தான் சொல்வோம். உன் பெயரையோ அடையாளத்தையோ செய்தித்தாளில் போட யாருக்கும் உரிமை இல்லை.

ஆசிரியரே தொல்லை கொடுத்தால்

அதையும் சொல்லலாம். மாணவரை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. நேராகத் தலைமை ஆசிரியரிடம் போ. தலைமை ஆசிரியரைப் பற்றியே புகார் என்றால், அல்லது பள்ளியில் யாரையும் நம்ப முடியவில்லை என்றால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் செய். அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை.

தொல்லை கொடுத்தவர் நீ என்றால்

உன் பக்கத்தையும் கேட்போம். அடிக்க மாட்டோம், முட்டி போட வைக்க மாட்டோம், உடனே டி.சி. கிழித்துக் கொடுக்க மாட்டோம். பெற்றோரைக் கூப்பிடுவோம். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பரப்பியதை அழிக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஒரு ஆசிரியரோடு பேச வர வேண்டும். புகார் சொன்னவரை நீயோ உன் கூட்டாளிகளோ மிரட்டினால் அது புதிய, இன்னும் பெரிய தவறு. நீயாகவே வந்து ஒப்புக்கொண்டால் அதைக் கணக்கில் எடுப்போம். உனக்கு வீட்டிலோ வேறெங்கோ யாராவது இதையே செய்துகொண்டிருந்தால், அதையும் அந்த அறையிலேயே சொல்லலாம்.

நீ பார்த்தால்

நடுவில் பாய்ந்து சண்டை போட வேண்டியதில்லை. சிரிக்காதே, வீடியோ எடுக்காதே, வந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதே. தொல்லைப்படுபவரின் பெயரைச் சொல்லி "வா, சார் கூப்பிடறாங்க" என்று அங்கிருந்து கூட்டி வந்துவிடு. அன்றைக்கே பெட்டியில் எழுது.

எண்கள்

1098: குழந்தைகளுக்கான உதவி. 14417: பள்ளிக்கல்வித் துறை. 14416: மனசு தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால், எந்த நேரமும் பேசலாம். 112: அவசரத்துக்கு. இந்த நான்கும் உன் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அட்டை தொலைந்துவிட்டால் அலுவலகத்தில் கேள். காரணம் கேட்காமல் புதிதாகத் தருவார்கள்.