வேளச்சேரி விடுதி உரிமையாளருக்கு: அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
சுகன்யா
(முன்பு அறை எண் 204, ஜன்னலோரக் கட்டில்)
பீளமேடு, கோயம்புத்தூர் – 641004

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்
மகளிர் தங்கும் விடுதி
வேளச்சேரி, சென்னை – 600042

நாள்: 17.11.2025

பொருள்: விடுதியைக் காலி செய்த பின் வரவேண்டிய அட்வான்ஸ் மீதி ரூ.13,000 தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 2ஆம் தேதி முதல் அக்டோபர் 19ஆம் தேதி வரை உங்கள் விடுதியில் மூவர் தங்கும் அறையில் இருந்தேன். சேரும்போது அட்வான்ஸாக ரூ.15,000 செலுத்தினேன். சாப்பாட்டுடன் மாத வாடகை ரூ.8,500. ஐந்து மாதமும் வாடகை பாக்கி வைத்ததில்லை. அக்டோபர் வாடகையையும் 3ஆம் தேதியே செலுத்திவிட்டேன்.

என் அலுவலகத்தில் எங்கள் குழுவையே கோவைக்கு மாற்றிய செய்தி அக்டோபர் 3 மாலை வந்தது. மறுநாள் காலையிலேயே வார்டன் அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு, உங்களுக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "சரிம்மா, காலி செய்யும் அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, கணக்குப் பார்த்து அனுப்புகிறேன்" என்று அன்றே பதில் அனுப்பியிருந்தீர்கள். தீபாவளிக்கு முதல் நாள் அறையைக் காலி செய்து, சாவியை வார்டன் அக்காவிடம் ஒப்படைத்தேன். அலமாரியின் இரண்டாவது சாவியைத் தொலைத்துவிட்டதையும் அப்போதே சொன்னேன்.

பிறகு மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். தீபாவளி முடியட்டும் என்றீர்கள். அடுத்த முறை, மழை ஓயட்டும், மாடியில் ஒழுகும் இடத்தைச் சரிசெய்யும் செலவு இருக்கிறது என்றீர்கள். நவம்பர் 10 அன்று பேசியபோதுதான், ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பாது, வரவேற்பறையில் எழுதி ஒட்டியிருக்கிறதே என்றீர்கள். இந்தக் காரணத்தை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஐப்பசியும் நேற்றோடு முடிந்துவிட்டது. அதனால்தான் இனி எழுத்தில் பேசிக்கொள்வோம் என்று இந்தக் கடிதம்.

அந்த அறிவிப்பு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஆகஸ்ட் மாதம் ஒட்டப்பட்டது. ஜூலையில் ஒருநாள், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அம்மா நச்சரித்ததால், வரவேற்பறைச் சுவரில் இருந்த மெஸ் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தில் அட்டவணைக்கு வலப்பக்கம் தண்ணீர் விடும் நேரம் எழுதிய தாள் ஒன்றுதான் இருக்கிறது. ஆறு மாதக் கணக்கு எழுதிய தாள் இன்று ஒட்டப்பட்டிருக்கும் இடம் அப்போது வெறும் சுவர். பாதி உரிந்த பழைய காலண்டர் ஆணி மட்டும் தெரிகிறது. படம் எடுத்த தேதியும் என் போனில் பதிவாகியிருக்கிறது.

நான் கையெழுத்திட்டது சேர்க்கைப் படிவத்தில் மட்டுமே. அன்று ஜெராக்ஸ் எடுக்க வசதியில்லை என்று வார்டன் அக்கா சொன்னதால், அதன் இரு பக்கங்களையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். காலி செய்வது பற்றி அதில் இரண்டே வரிகள்தான் உள்ளன: ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், பராமரிப்புக்காக அட்வான்ஸில் ரூ.1,000 பிடித்துக்கொள்ளப்படும். ஆறு மாதம் என்ற சொல்லே எங்கும் இல்லை. நான் சேர்ந்த பிறகு சுவரில் ஒட்டிய ஒரு தாள் என் கையெழுத்துக்குப் பின்னோக்கிப் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது.

ஒருவேளை அந்த வரி படிவத்திலேயே இருந்திருந்தாலும், முழு அட்வான்ஸையும் எடுத்துக்கொள்ள அது போதாது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. உங்களுக்கு என்ன இழப்பு? நான் விட்டுவந்த கட்டிலுக்கு அக்டோபர் 23 அன்றே புதிதாக ஒரு பெண் வந்துவிட்டார் என்று என் அறைத்தோழி சொன்னாள். நல்லதுதான், கட்டில் காலியாகக் கிடக்கவில்லை. நான் அக்டோபர் முழுவதற்கும் வாடகை கொடுத்திருந்ததால், அந்த மாதக் கடைசியில் ஒரே கட்டிலுக்கு இரண்டு வரவு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பிடாத பன்னிரண்டு நாள் சாப்பாட்டுக்கும் எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்குச் சேர வேண்டியதை நானே கழித்துவிட்டேன். படிவப்படி பராமரிப்புக்கு ரூ.1,000. அக்டோபர் 4இல் சொன்னதால் ஒரு மாத அவகாசம் நவம்பர் 3 அன்று முடிகிறது. அக்டோபர் வாடகைக்கு மேல் மூன்று நாள் மிஞ்சுகிறது. மாதத்துக்கு ரூ.8,500 வீதம் அந்த மூன்று நாளுக்கு ரூ.850. தொலைந்த சாவிக்கு, வார்டன் அக்கா சொன்னபடியே ரூ.150. ஆக ரூ.2,000 போக, எனக்கு வரவேண்டியது ரூ.13,000.

மாடி ஒழுகுவது உண்மைதான். மழை பெய்த இரவுகளில் எங்கள் அறைக்கு வெளியே வாளி வைத்துப் படுத்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தச் செலவை ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தவளின் அட்வான்ஸிலிருந்து எடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அறையில் நான் சேதப்படுத்தியது ஏதாவது இருந்தால் படத்துடனும் ரசீதுடனும் தெரிவியுங்கள், பரிசீலிக்கிறேன். காலி செய்த அன்று வார்டன் அக்கா அறையைப் பார்த்துவிட்டு, விசிறியைப் போட்டு அணைத்து, அலமாரிக் கதவையும் திறந்து மூடி, எல்லாம் சரி என்றுதான் சொன்னார்.

ரூ.13,000 தொகையை 2025 நவம்பர் 30ஆம் தேதிக்குள், ஜூனில் எந்த யு.பி.ஐ. எண்ணிலிருந்து நான் அட்வான்ஸ் அனுப்பினேனோ, என்னுடைய அதே எண்ணுக்குச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தவணையில் சிரமம் என்றால், 30ஆம் தேதிக்குள் ரூ.7,000, டிசம்பர் 10ஆம் தேதிக்குள் ரூ.6,000 என்று இரண்டாகத் தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் இந்த வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பணமும் வராமல் பதிலும் வராமல் போனால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்வேன். அதன் பிறகும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அதைப் பதிவு செய்ய அந்தச் சட்டம் இடமளிக்கிறது. இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அதாவது நான் கோவையிலிருந்தே செய்யலாம். நீங்கள்தான் வேளச்சேரியிலிருந்து வர வேண்டியிருக்கும். அங்கே அட்வான்ஸோடு நின்றுவிடாமல், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்தே கேட்பேன்.

அது வரைக்கும் போகாது என்றுதான் நினைக்கிறேன். செப்டம்பரில் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாளும் கஞ்சி கொடுத்தனுப்பியதை நான் மறக்கவில்லை. அந்த நல்லெண்ணத்தோடுதான் கணக்கையும் முடித்துக்கொள்ள விரும்புகிறேன்.

சேர்க்கைப் படிவம், அட்வான்ஸ் ரசீது, அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப் உரையாடல், ஜூலை மாதச் சுவர்ப் படம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இக்கடிதம் ஸ்பீடு போஸ்டிலும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
சுகன்யா